உங்கள் பந்துகளின் எடைச்சீட்டைப் பார்க்கலாமா?

சிங்கப்பூர் பூல்ஸ் நிர்வாகத்துக்கு,

வணக்கம். புதன், சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களிலும் ஒரு வெள்ளி கட்டி உங்கள் 4டி லாட்டரி எடுக்கும் வாடிக்கையாளன் நான். பல ஆண்டுகளாக ஒரே எண். அது என் பழைய மோட்டார் சைக்கிளின் எண். ஆறுதல் பரிசு இரண்டு முறை விழுந்திருக்கிறது. அதற்கு மேல் எதுவும் இல்லை. அதைப் பற்றி முறையிட இந்த மடலை எழுதவில்லை. நான்கு இலக்க எண் ஒன்று எவ்வளவு அரிதாக விழும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கேட்க வந்தது வேறு.

ஓய்வு பெறும்வரை எடைக்கருவிகளுக்கு அளவுத்திருத்தம் செய்வதுதான் என் வேலை. ஜூரோங், துவாஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு எடைக்கற்கள் அடங்கிய பெட்டியோடு போவேன். தராசில் ஒவ்வொரு கல்லாக இடுக்கியால் எடுத்து வைத்து, அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். ஒருமுறை ஒரு தொழிற்சாலையில் தராசின் பக்கவாட்டில் என் நிறுவனத்தின் ஒட்டுவில்லை இருந்தது. கையெழுத்து என்னுடையது, தேதியும் சரி. ஆனால் அந்தத் தராசை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. பழுதான தராசிலிருந்து வில்லையைப் பக்குவமாக உரித்து, புதிதாக வந்ததன்மேல் ஒட்டியிருக்கிறார்கள். மேற்பார்வையாளர் திருடரல்லர். அவசரத்தில் இருந்தார், அவ்வளவுதான். "சான்று இருக்கிறதே, அங்கிள்" என்றார். சான்று இருந்தது. அது வேறொரு பொருளுக்கான சான்று.

4டி குலுக்கலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வில்லை நினைவுக்கு வந்துவிடுகிறது.

நான்கு கூண்டுகள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை பத்துப் பந்துகள். முதல் கூண்டிலிருந்து வருவது ஆயிரத்தின் இலக்கம், கடைசிக் கூண்டிலிருந்து வருவது ஒன்றின் இலக்கம். பந்துகள் மீண்டும் உள்ளே போகும், மீண்டும் கலக்கப்படும், அடுத்த எண் வரும். இப்படியே 23 எண்கள். வெளித் தணிக்கையாளர் அருகில் நின்று எல்லாவற்றையும் கவனிக்கிறார். காப்பிக்கடையில் யாராவது "இதெல்லாம் நம்பலாமா?" என்று கேட்டால், "ஆடிட்டர் நிற்கிறாரே" என்று பதில் வந்துவிடும். நானும் பல முறை அதையே சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது, நிற்கிற தணிக்கையாளர் எதைப் பார்க்கிறார் என்ற கேள்வி கூடவே வரும். எழுதிவைத்த நடைமுறை வரிசை தவறாமல் பின்பற்றப்பட்டதா, முத்திரை உடையாமல் இருந்ததா, திரையில் வந்த எண்ணும் பந்தில் இருந்த எண்ணும் ஒன்றுதானா என்று அவரால் பார்க்க முடியும். மூன்றாம் கூண்டின் ஏழாம் எண் பந்து மற்ற ஒன்பதைவிட எடை குறைந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல அவராலும் முடியாது, என்னாலும் முடியாது. அவர் சாட்சி. பந்தைச் சோதித்தவர் வேறொருவராக இருக்க வேண்டும். அந்த வேறொருவர் யார், அவர் எழுதிக் கொடுத்த தாளில் என்ன இருக்கிறது என்பதே என் முதல் கேள்வி.

இதை நான் வீண் சந்தேகத்தில் கேட்கவில்லை. உங்களுடையதைப் போன்ற இயந்திரத்திலேயே ஒரு திருட்டு நடந்திருக்கிறது. 1980 ஏப்ரல் 24, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம். அங்கே தினமும் மூன்று இலக்கக் குலுக்கல் ஒன்றைத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்புவார்கள். மூன்று கூண்டுகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பந்துகள், கீழிருந்து காற்று ஊதும், மேலேறும் பந்து குழாயில் சிக்கும். மேசைப்பந்தாட்டப் பந்துகள்தான். அன்று மாலை விழுந்த எண் 666.

4, 6 ஆகிய இரண்டு எண்களைத் தவிர மற்ற எட்டுப் பந்துகளுக்குள்ளும் ஊசியால் வெள்ளைப் பெயின்ட் ஏற்றப்பட்டிருந்தது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. எடை கூடிய பந்துகள் காற்றில் ஆடினவே தவிர, குழாய்வரை ஏறவில்லை. மூன்று கூண்டிலும் 4 அல்லது 6 மட்டுமே வரக்கூடும் என்றால் மொத்தம் எட்டே எண்கள்தான்: 444, 446, 464, 466, 644, 646, 664, 666. ஆயிரத்தில் எட்டு. சதிகாரர்கள் அந்த எட்டையும் கடை கடையாகப் போய் அள்ளினார்கள். அன்று அந்த லாட்டரி கொடுத்த பரிசு ஏறத்தாழ 35 லட்சம் டாலர். அதில் 11 லட்சத்துக்கும் மேல் சதிகாரர்களுக்குப் போனது. செய்தவர் யார் என்று பார்த்தால், குலுக்கலைத் தொகுத்து வழங்கிய தொலைக்காட்சி அறிவிப்பாளர் நிக் பெர்ரியே திட்டத்தின் தலைவர். பந்துகளை மாற்றிவைத்தவர் நிலையத்தின் மேடைப் பணியாளர். பந்துகளுக்குக் காவலாக இருக்க வேண்டிய லாட்டரி அதிகாரி ஒருவரும் தண்டிக்கப்பட்டார்.

குலுக்கல் முடிந்ததும் பழைய பந்துகள் இடத்துக்கு வந்துவிட்டன, பெயின்ட் ஏற்றியவை எரிக்கப்பட்டுவிட்டன. அடுத்த நாள் யாராவது வந்து பந்துகளை எடை போட்டிருந்தால் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். அவர்களைக் காட்டிக்கொடுத்தது பந்தல்ல, பந்தயம். அந்த எட்டு எண்கள்மேல் மட்டும் கட்டுக்கட்டாகப் பணம் குவிந்திருந்ததுதான் ஊரில் பேச்சானது, பிறகு விசாரணையானது. அவர்கள் கொஞ்சம் அடக்கமாக வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இதிலிருந்து எடைக்காரன் ஒருவன் கற்றுக்கொள்வது ஒன்றுதான். பந்தை எப்போது எடை போட்டார்கள் என்பது, எவ்வளவு எடை இருந்தது என்பதைவிட முக்கியம். மார்ச் மாதத்தில் ஆய்வகத்தில் எடை போட்டுச் சான்று வாங்கிய பந்து, நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை 6.30 மணிக்குக் கூண்டில் இருக்கும் அதே பந்துதானா? 'ஏழு' என்று அச்சிட்டிருப்பது மட்டும் அடையாளமாகாது. ஏழு என்று எழுதிய பந்துகள் உங்களிடமே பல இருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் தனி அடையாளம் உண்டா, அதை இயந்திரம் தானாகப் படித்துச் சரிபார்க்கிறதா, அல்லது முத்திரையிட்ட பெட்டியை நம்பித்தான் எல்லாம் நடக்கிறதா? பெட்டியை நம்புவதாக இருந்தால் அதன் சாவிகள் யார் யாரிடம் இருக்கின்றன?

குலுக்கலுக்கு முன்பு எடை போடுவதைப் போல, குலுக்கல் முடிந்தவுடன், பந்துகளை யாரும் தொடுமுன்பு, அங்கேயே மீண்டும் எடை போடுகிறீர்களா? நாற்பது பந்துகள். ஒரு பந்துக்கு 15 வினாடி என்று வைத்தாலும் பத்து நிமிடம். பென்சில்வேனியாவில் அன்று அந்தப் பத்து நிமிட வேலையைச் செய்திருந்தால் திருட்டு அந்த இடத்திலேயே வெளிப்பட்டிருக்கும்.

எடையைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் தொழில் புத்தி விடாது. "எல்லாப் பந்துகளும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தன" என்று ஒரு வரி எழுதிவிட்டால் சான்றாகிவிடாது. இன்றைய மேசைப்பந்தாட்டப் பந்து 2.7 கிராம். ஒரு கூண்டில் உள்ள பத்தும் 2.75 கிராமாக இருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. எல்லாம் சமமாக எடை கூடியவை, சமமாக ஏறும். ஆனால் ஒன்பது பந்துகள் 2.75 ஆகவும் ஒன்று மட்டும் 2.65 ஆகவும் இருந்தால், 'எல்லை' 2.6 முதல் 2.8 வரை என்று போட்டிருக்கும்பட்சத்தில், பத்தும் தேர்ச்சி பெற்றுவிடும். கூண்டுக்குள் அந்த ஒன்றுக்குத் தனிச் சலுகையும் கிடைத்துவிடும். ஆகவே கேட்க வேண்டியது ஒவ்வொரு பந்தும் எல்லைக்குள் இருந்ததா என்பதல்ல. ஒரே கூண்டில் உள்ள பத்துக்கும் இடையே அதிகபட்ச வேறுபாடு எவ்வளவு என்பதே. (மேலே சொன்ன எல்லைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை. உங்கள் எல்லை என்ன என்பதைத்தான் கேட்கிறேன்.)

நாங்கள் கொடுக்கும் சான்றிதழில் அளந்த ஒவ்வொரு எண்ணும் இருக்கும். அளந்த கருவியின் வரிசை எண் இருக்கும். எந்த எடைக்கல்லோடு ஒப்பிட்டோம், அந்தக் கல் எந்த வழியாகத் தேசிய அளவியல் நிலையத்தின் மூலக்கல்லோடு தொடர்புடையது என்பது இருக்கும். அளவில் எவ்வளவு ஐயப்பாடு உண்டு என்பதும், அறையின் வெப்பமும் ஈரப்பதமும்கூட இருக்கும். அது இல்லாமல் 'நன்று' என்று மட்டும் எழுதிய தாளை எந்த மருந்துத் தொழிற்சாலையும் வாங்காது. தலைவலி மாத்திரைக்கு உள்ள கண்டிப்பு, முதல் பரிசுக்கும் இருக்கக் கூடாதா?

இனி, இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் சோதனையைப் பற்றி. குலுக்கலுக்கு முன்பு சில முறை வெள்ளோட்டம் விடுவது உலகெங்கும் வழக்கம். கூண்டில் காற்று வருகிறதா, குழாய் அடைத்திருக்கிறதா, பந்து சிக்குகிறதா என்று பார்க்க அது நல்ல வழி. ஆனால் பத்து முறை ஓட்டி, பத்திலும் வெவ்வேறு எண் வந்ததால் 'சமவாய்ப்பு உறுதி' என்று யாராவது எழுதினால் சிரிப்புத்தான் வரும். பத்தில் ஒரு பங்காக வர வேண்டிய இலக்கம் எட்டில் ஒரு பங்காக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கோளாறு அது. பத்து ஓட்டத்தில் அதன் சுவடே தெரியாது.

வெள்ளோட்டத்தை இன்னொரு விதத்திலும் ஏமாற்றலாம் என்பதற்கு அமெரிக்காவிலேயே அடுத்த பாடமும் உண்டு. அங்கே பந்து இல்லை, கணினி. பல மாநில லாட்டரிகளுக்கான சங்கம் ஒன்றின் தகவல் பாதுகாப்புத் தலைவராக எடி டிப்டன் என்பவர் இருந்தார். எண்களைத் தேர்ந்தெடுக்கும் நிரலை எழுதியவரும் அவரே. அந்த நிரலில் சில வரிகளை ஒளித்துவைத்தார். ஆண்டில் குறிப்பிட்ட மூன்று நாள்கள், அதுவும் வாரத்தின் குறிப்பிட்ட இரு கிழமைகளில் வந்தால், அதுவும் மாலையில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு மட்டும், நிரல் வேறு பாதையில் போகும். அவரால் முன்கூட்டியே கணிக்கக்கூடிய எண்களைத் தரும். மற்ற எந்த நாளில் எத்தனை லட்சம் முறை ஓட்டிப் பார்த்தாலும் அது உத்தமமான நிரல். 2010 டிசம்பர் 29 அன்று 'ஹாட் லோட்டோ' குலுக்கலில் 1 கோடியே 65 லட்சம் டாலர் பரிசுக்கான எண்கள் அப்படித்தான் விழுந்தன. டிக்கெட்டை வாங்கியவர் யார் என்பதை மறைத்துப் பரிசைக் கேட்கப் போனதில்தான் மாட்டிக்கொண்டார். 2017 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 25 ஆண்டு வரையிலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

"நாங்கள் பந்தில்தானே குலுக்குகிறோம், இது எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். பந்துத் தொகுதிகள் பல இருந்தால், இன்று எந்தத் தொகுதி என்பதை யாரோ, அல்லது ஏதோ ஒன்று, தீர்மானிக்க வேண்டும் அல்லவா? அதைக் கணினி செய்கிறதா, சீட்டு எடுத்துப் போடுகிறீர்களா, தணிக்கையாளர் கை நீட்டி ஒன்றைக் காட்டுகிறாரா? அந்தத் தேர்வு குலுக்கலுக்கு எவ்வளவு நேரத்துக்கு முன்பு நடக்கிறது? அது முந்தின நாளே தெரிந்துவிடுமானால் கெட்டுப்போன தொகுதி ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு அதைவிட வசதி வேறில்லை. விற்பனை மாலை 6 மணிக்கு முடிகிறது. அதற்குப் பிறகுதான் தொகுதி தேர்ந்தெடுக்கப்படுகிறது என்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

"எல்லா முடிவுகளும் பகிரங்கமாகத்தானே இருக்கின்றன, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்ற பதில் வரும் என்று தெரியும். போட்டுப் பார்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? எதைக் கண்டுபிடிக்க முடியும், எதை முடியாது என்று தெரிந்துகொண்டதுதான் மிச்சம். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வாரத்துக்கு மூன்று குலுக்கல், ஒவ்வொன்றிலும் 23 எண்கள். ஓர் ஆண்டுக்கு 3,588. ஒரு கூண்டிலிருந்து ஓர் இலக்கம் ஆண்டில் ஏறத்தாழ 359 முறை வர வேண்டும். சரியாக 359 வராது; வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இயல்பான ஏற்ற இறக்கம் 18. அதன் இரு மடங்கு வரை, அதாவது 323 முதல் 395 வரை, எது வந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருப்பதே நியாயம். நான்கு கூண்டு, பத்து இலக்கம் என்று நாற்பது கட்டங்கள் இருப்பதால், அவற்றில் இரண்டு கட்டங்கள் இந்த எல்லையையும் தாண்டி நிற்பது வெறும் தற்செயலிலேயே நடக்கும். காப்பிக்கடையில் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, "இரண்டாம் இடத்தில் 8 இந்த வருடம் பின்னுகிறது" என்று சொல்லும் நண்பர்களுக்கு நான் காட்டும் கணக்கு இது. அவர்கள் கேட்பதில்லை என்பது வேறு கதை. விபத்தில் நசுங்கிய காரின் எண்ணையே அடுத்த குலுக்கலுக்கு வாங்கும் ஊரில் நான் யாருக்குப் புள்ளியியல் சொல்ல?

இப்போது உண்மையான கோளாறு ஒன்றைக் கற்பனை செய்வோம். உங்களிடம் ஐந்து தொகுதிகள் இருப்பதாகவும், சமமாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தொகுதியில், மூன்றாம் கூண்டின் 7 மட்டும் கொஞ்சம் இலேசாகிவிட்டது. நூற்றுக்குப் பத்து முறை வருவதற்குப் பதிலாகப் பன்னிரண்டு முறை வருகிறது. நான்கு ஆண்டு முடிவுகளை எடுக்கிறேன்: மொத்தம் 14,352 எண்கள். 7 வர வேண்டியது 1,435 முறை. அந்தக் கெட்ட தொகுதியின் புண்ணியத்தில் கூடுதலாக ஏறத்தாழ 57 முறை வந்திருக்கும். இயல்பான ஏற்ற இறக்கமே 36 என்பதால் 57 என்பது கவனத்தைக் கவராது. மற்ற நான்கு நல்ல தொகுதிகளுக்குள் கெட்டது கரைந்துவிட்டது. சாம்பாரில் ஒரு கல் உப்பு கூடினால் யாருக்குத் தெரியும்?

அதே நான்கு ஆண்டில் அந்தத் தொகுதி பயன்பட்ட குலுக்கல்களை மட்டும் பிரித்துத் தந்தால் கதை மாறிவிடுகிறது. ஏறத்தாழ 2,870 எண்கள். 7 வர வேண்டியது 287, வந்தது 344. அதே 57தான் கூடுதல். ஆனால் இங்கே இயல்பான ஏற்ற இறக்கம் 16. மூன்றரை மடங்கு. இதையும் உடனே குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "அந்தப் பந்தை எடுத்துத் தராசில் வையுங்கள்" என்று கேட்கத் தயங்க மாட்டேன்.

ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. முடிவு அறிவிப்பில் நாள், குலுக்கல் எண், 23 எண்கள் ஆகியவற்றோடு இரண்டே தகவல்களைச் சேருங்கள்: எந்த இயந்திரம், எந்தப் பந்துத் தொகுதி. பிரிட்டனின் தேசிய லாட்டரி இதைச் செய்கிறது. அவர்களுடைய குலுக்கல் வரலாற்றைத் தரவிறக்கினால் ஒவ்வொரு வரியிலும் பந்துகளின் எண்களோடு தொகுதி எண்ணும், எந்த இயந்திரம் என்பதும் இருக்கும். ஒரு காலத்தில் அந்த இயந்திரங்களுக்கு உண்மையாகவே பெயர்கள் இருந்தன: ஆர்தர், லான்சலாட், கினிவியர், மெர்லின். நீங்கள் உங்கள் இயந்திரங்களுக்குப் பெயர் சூட்ட வேண்டாம். 'ஒன்று', 'இரண்டு' போதும்.

தொகுதி எண்ணை வெளியிட்டால் எந்த இலக்கம் கூடுதலாக வருகிறது என்ற சாய்வைச் சிலர் கண்டுபிடித்துப் பணம் பார்த்துவிடுவார்கள் என்ற தயக்கம் இருந்தால், அதற்கும் கணக்கு இருக்கிறது. 'பிக்' பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, தொடக்கப் பரிசுகள் பத்துக்குத் தலா 250, ஆறுதல் பரிசுகள் பத்துக்குத் தலா 60. கூட்டினால் 6,590, பத்தாயிரம் எண்களுக்குப் பகிர்ந்தால் ஒரு வெள்ளிக்குச் சராசரியாகத் திரும்புவது 65.9 காசு. நான்கு கூண்டுகளிலும் ஒவ்வோர் இலக்கம் பத்துக்குப் பதில் பதினொரு விழுக்காடு வரும்படி சாய்ந்திருந்து, அந்த நான்கையும் நான் சரியாகக் கண்டுபிடித்து வாங்கினாலும், திரும்புவது 96 காசுதான். அப்போதும் நட்டம் எனக்கே. பரிசுப் பட்டியலே உங்களுக்குப் பெரிய அரண். இயல்பான தேய்மானத்தால் வரும் சிறு சாய்வை வாடிக்கையாளரால் காசாக்க முடியாது. பெரிய சாய்வை உண்டாக்கக்கூடியவர் பந்துகளைத் தொடக்கூடியவர் மட்டுமே. மறைப்பதால் காப்பாற்றப்படுவது அவர்தான்.

கடைசியாக, பந்து விழுந்த பிறகு நடப்பவை. 2015 ஜூலையில் செர்பியாவின் அரசு லாட்டரிக் குலுக்கலை நேரலையில் பார்த்தவர்கள் விசித்திரம் ஒன்றைக் கண்டார்கள். வந்த பந்து 27, திரையில் காட்டிய எண் 21. சரி, எழுத்துப் பிழை என்று நினைத்திருப்பார்கள். அடுத்து வந்த பந்து 21. நாடு கொதித்தது, விசாரணை வந்தது, லாட்டரியின் இயக்குநர் பதவி விலகினார். தொழில்நுட்பப் பிழை என்று விளக்கம் சொன்னார்கள். அது பிழையாகவே இருந்திருக்கலாம். ஆனால் பந்துக்கும் திரைக்கும் நடுவில் உள்ள பாதையை யாரும் தனியாகச் சான்றளித்து வைக்கவில்லையென்றால், எந்த விளக்கமும் சாக்காகத்தான் கேட்கும்.

உங்களிடம் அந்தப் பாதை எப்படி இருக்கிறது? எண்ணை இருவர் தனித்தனியே பதிந்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் ஏற்கப்படுகிறதா? தணிக்கையாளர் கையெழுத்திடுவது தன் கையால் எழுதிய தாளிலா, உங்கள் கணினி அச்சிட்டுத் தந்த தாளிலா? ஒன்று சாட்சியம். மற்றது எதிரொலி.

அதற்கும் முந்தியது, 6 மணிக்கும் 6.30 மணிக்கும் இடையே உள்ள அந்த அரை மணி நேரம். விற்பனை முடிந்தவுடன், விற்ற எல்லாப் பந்தயங்களின் பதிவையும் ஒரு கோப்பாக மூடி, அதன் கணித முத்திரையைத் தணிக்கையாளரிடம் கொடுத்துவிட்டால், பிறகு அதில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாலும் முத்திரை ஒத்துப்போகாது. குலுக்கலுக்குப் பிறகு, நடக்காத பந்தயம் ஒன்றை உள்ளே நுழைக்க யாராலும் முடியாது. முத்திரை என்பது சில பத்து எழுத்துகள். ஒரு சிறு சீட்டில் அடங்கும். முதல் பந்து மேலேறுமுன் அந்தச் சீட்டு தணிக்கையாளரின் சட்டைப் பையில் இருக்கிறதா? இருக்கிறது என்றால், அந்த முத்திரையையும் முடிவு அறிவிப்போடு வெளியிட என்ன தடை?

பதிலில் நீங்கள் பெயர்களையும், பாதுகாப்பு அறையின் இடத்தையும், கேமராக்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டாம். அவை எனக்கு வேண்டியதும் இல்லை. வேண்டியது மூன்று தாள்கள்: கடந்த ஓராண்டில் ஏதாவது ஒரு தொகுதிக்கு நாற்பது பந்துகளின் எடையையும் விட்டத்தையும் தனித்தனியாகக் குறித்த சான்றிதழ் ஒன்று, அதன் நகல் போதும், ஒரு குலுக்கல் நாளில் தணிக்கையாளர் நிரப்பும் படிவத்தின் வெற்றுப் பிரதி, ஒரு தொகுதியை எத்தனை குலுக்கலுக்குப் பிறகு ஓய்வு கொடுத்து அனுப்புகிறீர்கள் என்ற விதி. எடைத் தாளில் ஐயம் வந்தால் விளக்கம் கேட்டு மறுபடி எழுதுவேன். இல்லாவிட்டால் அதற்குமேல் தொந்தரவு செய்ய மாட்டேன்.

என் பழைய பெட்டி இன்னும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. இடுக்கியும் உண்டு, பருத்திக் கையுறையும் உண்டு. வியர்வை பட்ட விரல் ஒரு சிறு எடைக்கல்லை எவ்வளவு கெடுக்கும் என்று நேரில் கண்டவன் நான். பந்துகளைக் கையுறை இல்லாமல் யாராவது தொடுகிறார்களா என்பதையும் பதிலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வரும் புதன்கிழமைக்கும் அதே எண்ணை எடுத்து வைத்திருக்கும்
உங்கள் வாடிக்கையாளன்